ஐம்பது தேநீர் போதுமா?

மந்தாரக்குப்பம் தேநீர்க் கடை ஒன்றின் ஒரு நாள் வரவு செலவைப் பதினோராம் வகுப்பில் மாதிரிக் கணக்காகக் கொடுத்தேன். வாடகை ரூ.200, உதவியாள் கூலி ரூ.400. விற்றாலும் விற்காவிட்டாலும் இந்த ரூ.600 நிலையான செலவு. ஒரு தேநீரின் விலை ரூ.12. பால், தூள், சர்க்கரை, எரிவாயு ஆகிய மாறும் செலவு ரூ.7.

எத்தனை விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை? பலர் 600-ஐ 12-ஆல் வகுத்து 50 என்றனர். தவறு என்று சொல்லாமல், 50 தேநீருக்கு வரவு செலவு எழுதச் சொன்னேன். வரவு ரூ.600; செலவு 600 + 350 = ரூ.950. பால் காசை விட்டுவிட்டது அவர்களுக்கே தெரிந்தது.

ஒரு தேநீரில் நிற்பது 12 − 7 = ரூ.5. இதுவே பங்களிப்பு. 600 ÷ 5 = 120 தேநீர். சரிபார்த்தோம்: வரவு 1,440; செலவு 600 + 840 = 1,440.

கடை வைத்திருப்பவரின் மகள் எழுந்தாள்: "சார், எங்க அம்மா கூலி இதுல இல்லையே?" அதற்கும் ரூ.400 சேர்த்தோம். 1,000 ÷ 5 = 200. 120 விற்ற நாளில் அம்மா கூலியில்லாமல் உழைத்திருக்கிறார் என்பதை வகுப்பே கணக்கிட்டுச் சொன்னது.

விடை பின்னமாக வந்தால் அடுத்த முழு எண்ணையே எடுக்க வேண்டும்.