கழலாத மோதிரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஏழாம் மாதம் பிறந்ததிலிருந்து கல்யாண மோதிரம் இறுக்குகிறது என்று அண்ணி போனில் சொன்னார். சோப்புப் போட்டால் இன்னும் வழுக்கி வருகிறது என்றால் இன்றைக்கே கழற்றிப் பீரோவில் வைத்துவிட வேண்டியதுதான். மாட்டிக்கொண்ட பிறகு என்ன பாடு என்பதற்கு அத்தையின் எதிர்வீட்டுப் பெண்ணே சாட்சி.

அவளுக்கு எட்டாம் மாதம். காலையில் எழுந்தபோது மோதிரத்துக்கு இரண்டு பக்கமும் சதை உப்பியிருந்தது. கணவர் சோப்பைத் தடவி, திருகித் திருகி இழுத்திருக்கிறார். மோதிரம் நகரவில்லை, விரல்தான் சிவந்து போனது. விரலின் நடு மூட்டுதான் அகலமான இடம். நேராக இழுத்தால் தோல் மோதிரத்துக்கு முன்னால் சுருண்டு, அந்த மூட்டை இன்னும் தடிமனாக்கிவிடும். இழுத்த காயத்தால் வீக்கமும் ஏறும். பத்து நிமிடத்துக்கு முன் கழன்றிருக்கக்கூடிய மோதிரம் அதற்குப் பிறகு கழலாமல் போவது இப்படித்தான்.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் தெருவில் அத்தைக்கு ஓய்வு கிடையாது. கூப்பிட்டார்கள். போனதும் மோதிரத்தைத் தொடாமல், அந்த விரலின் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவந்தது. மரமரப்பும் இல்லை. ரத்தம் ஓடுகிறது, அவசரப்பட வேண்டாம் என்று அர்த்தம். நகம் வெளுத்தபடியே இருந்தாலோ, விரல் நீலமாகி, சில்லிட்டு, உணர்ச்சி குறைந்திருந்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை, நேரே ஆஸ்பத்திரிதான்.

முதலில் அவளை இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, கையைத் தலையணைகளின் மேல் நெஞ்சைவிட உயரமாக வைத்தார். துணியில் சுற்றிய ஐஸை விரலில் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஐஸை நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். கால் மணி நேரம் யாரும் மோதிரத்தைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பலரும் தாண்டிப் போவது இந்தக் கால் மணி நேரத்தைத்தான். கை உயர்ந்திருந்தால் விரலில் தேங்கிய நீர் தானாக வடியும்.

பிறகு தேங்காய் எண்ணெய். வாசலினோ பாத்திரம் கழுவும் திரவமோ இருந்தாலும் சரி. மேலே மட்டும் பூசினால் போதாது. மோதிரத்தை முன்னும் பின்னும் அசைத்து அடியிலும் இறங்க விட வேண்டும். விரலைச் சற்றே மடக்கச் சொல்லி, ஒரு கையால் மூட்டுத் தோலை உள்ளங்கைப் பக்கம் இழுத்துப் பிடித்து, மறு கையால் மோதிரத்தை இடமும் வலமுமாக அசைத்து நகர்த்தினார். பாதி வழியில் மூட்டில் நின்றுவிட்டது.

அப்போதுதான் நூல். மெல்லிய தையல் நூல் தோலை அறுக்கும். பூக்கட்டும் பருத்தி நூல் மெத்தென்று இருக்கும். முக்கால் மீட்டர் எடுத்து, ஒரு முனையை ஹேர்பின்னின் வளைந்த பக்கத்தால் மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் வெளியே இழுத்துவிட்டார். நீளமான முனையை மோதிரத்தை ஒட்டித் தொடங்கி, இடைவெளி விடாமல் மூட்டைத் தாண்டும் வரை நெருக்கமாகச் சுற்றினார். இந்தச் சுற்று வீக்கத்தை அமுக்கி, மூட்டை ஒடுக்குகிறது. அதன் மேல் கொஞ்சம் எண்ணெய். பிறகு உள்ளங்கைப் பக்க முனையை விரல் நுனியை நோக்கி இழுத்துச் சுற்றை அவிழ்க்க, ஒவ்வொரு சுற்று பிரியும்போதும் மோதிரம் ஒரு நூல் அளவு முன்னேறி மூட்டைத் தாண்டியது. சுற்றியிருக்கும்போது விரல் கருஞ்சிவப்பாகும் என்பதால் சில நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும். எலும்பு முறிவோ ஆழமான வெட்டோ சீழோ உள்ள விரலில் நூல் சுற்றவே கூடாது.

இதற்கும் மசியாவிட்டால் வெட்டுவதுதான் வழி. மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவில் தகடு ஒன்றை நுழைத்து, சின்னப் பல்சக்கரத்தைக் கையால் சுழற்றி வெட்டும் கருவி ஆஸ்பத்திரியில் இருக்கும். தங்கம் மென்மையானது, சீக்கிரம் அறுபடும். பத்தரிடம் கொடுத்தால் ஒட்டித் தந்துவிடுவார். விரலைவிட மோதிரத்துக்காக அழுகிறவர்களை அத்தை நிறையப் பார்த்திருக்கிறார்; அவர்களிடம் இதைத்தான் சொல்வார்.

எதிர்வீட்டுக் கதை அத்துடன் முடியவில்லை. கை மட்டுமல்ல, அவள் முகமும் உப்பியிருந்தது. முந்தின நாளிலிருந்து தலைவலியும். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தால் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, சிறுநீரில் புரதமும் போயிருந்தது. கர்ப்பத்தில் விரல் கொஞ்சம் வீங்குவது சகஜம். ஆனால் திடீரென முகமும் கையும் வீங்கி, தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி இதில் ஒன்று சேர்ந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது. மோதிரம் பிறகு, பிரஷர் முதலில்.

வளைகாப்புக்கு வருகிறவர்கள் மோதிரம் எங்கே என்று கேட்டால், அத்தை வாங்கி வைத்துக்கொண்டாள் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அத்தை