மேற்பார்வையாளருக்கு நியமனக் கடிதம்: ஒரு மாத முன்னறிவித்தல் போதுமா?

ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பகுதி அரிசி ஆலைகளில் வேலைக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சில் முடிந்துவிடும். கடிதம் கொடுப்பவர்களும் கொழும்புக் கம்பனி ஒன்றின் பழைய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட கடிதமொன்றை அண்மையில் ஓர் ஆலை முதலாளி என்னிடம் காட்டினார். "தகுதிகாண் காலம் ஆறு மாதம். இரு தரப்பாரும் ஒரு மாத முன்னறிவித்தலுடன் விலகலாம்" என்று அதில் இருந்தது. "ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தால் எப்போதும் அனுப்பலாம்தானே நானா?" என்று கேட்டார். அவரிடம் 17 பேர் வேலை செய்கிறார்கள். ஆகவே முடியாது என்றேன்.

காரணம், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய இந்தச் சட்டம், முந்திய ஆறு மாதங்களில் சராசரியாக 15 பேர் அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் முதலாளிக்குப் பொருந்தும். ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ, தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். கடிதத்தில் ஒரு மாதம் என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டிருந்தாலும் இந்தத் தேவை இல்லாமற் போகாது. அனுமதியின்றி நிறுத்தினால், மீண்டும் வேலைக்கு எடுத்து இடைப்பட்ட காலச் சம்பளத்தையும் கொடுக்கும்படி ஆணையாளர் உத்தரவிடலாம். அனுமதி கிடைத்தாலும் நட்டஈடு உண்டு. முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம் என்பது கணக்கு. 60,000 ரூபா சம்பளத்தில் மூன்று வருடம் இருந்தவருக்கு ஏழரை மாதம், அதாவது 450,000 ரூபா வரும்.

களவு, அடிதடி போன்ற குற்றத்துக்காக நிறுத்துவது வேறு விடயம். அதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் நிறுத்திய பின் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

15 பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். அதற்காக அவர் நினைத்தபடி நிறுத்தலாம் என்றில்லை. நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நியாயமான காரணம் இருந்ததா என்று அங்கே பார்ப்பார்கள்.

இனித் தகுதிகாண் காலத்துக்கு வருவோம். 180 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு மேற்சொன்ன சட்டம் பொருந்தாது. ஆறு மாதம் என்று எழுதுவதில் உள்ள சிக்கல் இங்கேதான். ஜூலை 1ஆம் திகதி சேர்ந்தவருக்கு ஆறு மாதம் முடிவது டிசம்பர் 31இல். எண்ணிப் பாருங்கள், அது 184 நாள். டிசம்பர் 27ஆம் திகதியே 180 நிறைந்துவிடுகிறது. ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருந்து ஜனவரியில் "நீங்கள் சரிவரவில்லை" என்று சொல்லும் முதலாளி, தன்னையறியாமல் சட்டத்துக்குள் வந்து நிற்கிறார். நாட்களை எண்ணும்போது ஞாயிறு, போயா எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணுவதுதான் பாதுகாப்பு. ஆகவே அவருடைய கடிதத்தில் ஐந்து மாதம் என்று எழுதச் சொன்னேன். அந்தப் பந்தி இப்படி அமைந்தது:

"தங்கள் தகுதிகாண் காலம் 01.07 முதல் 30.11 வரையாகும். அவித்தல், உலர்த்தல், தீட்டல் வேலைகளை மேற்பார்வை செய்வதும், தீட்டுமுன் நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்தில் இருப்பதை உறுதிசெய்து பதிவேட்டில் எழுதுவதும் தங்கள் பொறுப்பு. இவற்றைக் கொண்டு தங்கள் வேலை மதிப்பிடப்பட்டு, முடிவு எழுத்தில் அறிவிக்கப்படும்."

வேலையை இப்படிக் குறித்து எழுதியதற்குக் காரணமுண்டு. நாளை "திருப்தியில்லை" என்று சொல்ல நேர்ந்தால், எதில் திருப்தியில்லை என்று பதிவேட்டைக் காட்டலாம். ஊழியருக்கும் தன்னிடம் எதிர்பார்ப்பது என்னவென்று முதல் நாளே தெரியும்.

தகுதிகாண் காலத்தில் சேமலாப நிதி கட்டத் தேவையில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. முதல் நாளிலிருந்தே முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முதலாளியுடையது.

வேலை நேரத்தை "காலை முதல் மாலை வரை" என்று எழுதாதீர்கள். திங்கள் முதல் வியாழன் வரை 8 மணி முதல் 5 மணி வரை, பகலுணவுக்கு ஒரு மணித்தியாலம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக 12 முதல் 1.30 வரை இடைவேளை, முடிவு 5.30. சனிக்கிழமை 8 முதல் 1 வரை. கூட்டினால் 45 மணித்தியாலம் வரும். கையொப்பமிடுமுன், உங்கள் தொழிலுக்குரிய சம்பளச் சபைத் தீர்மானத்தோடு இதை மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்தில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெரும்போக அறுவடையில் ஆலை இரவிலும் ஓடும். அப்போதைய மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்பதையும் கடிதத்திலேயே எழுதுங்கள். 'மேற்பார்வையாளர்' என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை மறப்பதில்தான் பல பிணக்குகள் தொடங்குகின்றன.

முன்னறிவித்தல் பந்தியை நாங்கள் நீக்கவில்லை, திருத்தினோம். "தாங்கள் விலக விரும்பினால் ஒரு மாத எழுத்துமூல முன்னறிவித்தல் தரவேண்டும். நிறுவனம் தங்கள் சேவையை முடிவுறுத்துவது நடைமுறையிலுள்ள சட்டத்துக்கு அமைவாகவே இருக்கும்." கடிதம் இரண்டு பிரதி. ஊழியர் வாசித்து, ஏற்றுக்கொண்டதாகத் திகதியிட்டுக் கையொப்பமிட்ட பிரதி முதலாளியின் கோவையில் இருக்கிறது. நவம்பர் 15ஆம் திகதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார், மதிப்பீட்டை எழுதத் தொடங்கும் நாள் என்று.