தென்னை நிற்கும் இடம், பதிவேட்டில் வயலா?

பொன்முடியின் அடிவாரத்தில் விதுரா, பெரிங்ஙம்மலா பகுதிகளில் வீட்டுமனை தேடுவோர் பலர். சாலையோரம் தென்னையும் வாழையும் நிற்கும் 20 சென்ட் இடம் ஒன்றை நம் வாடிக்கையாளர் ஒருவர் வாங்க எண்ணுகிறார் எனக் கொள்வோம். பார்வைக்கு அது கரைநிலம். ஆனால் கிராம அலுவலகத்தின் அடிப்படை வரிப் பதிவேட்டில் அதன் வகை ‘நிலம்’ என்றிருக்கலாம். கேரளத்தில் அச்சொல்லின் பொருள் நெல்வயல். வீடு கட்டத்தக்க இடத்தின் பெயர் ‘புரையிடம்’. கடன் மனு வந்ததும் நாம் முதலில் பார்ப்பது இச்சொல்லையே.

அடுத்துப் பார்க்க வேண்டியது தரவு வங்கி. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி ஊராட்சிதோறும் தொகுக்கப்பட்ட வயல்களின் பட்டியல் அது. அதில் சர்வே எண் இருந்தால், வயல் தவறுதலாகச் சேர்க்கப்பட்டதெனக் காட்டி ஐந்தாம் படிவத்தில் வருவாய்க் கோட்ட அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வேளாண் அலுவலரின் அறிக்கை கேட்கப்படும். ஐயம் எழுந்தால் பழைய செயற்கைக்கோள் படங்களும் ஒப்பிடப்படும். சட்டம் நடைமுறைக்கு வந்த 2008 ஆகஸ்டு 12க்கு முன்பே அவ்விடம் மேடாக்கப்பட்டிருந்ததா என்பதே வினா. அதற்குப் பின் மண் நிரப்பிய வயலுக்கு இவ்வழி திறவாது. தென்னையின் வயதை விற்பவர் சொல்வதைக் கொண்டு முடிவு செய்தல் தகாது.

பட்டியலில் இல்லாத, அல்லது அதிலிருந்து நீக்கப்பட்ட இடத்திற்கு அடுத்த படி ஆறாம் படிவம். இது 50 சென்ட் வரைக்குரியது. நம் எடுத்துக்காட்டின் 20 சென்டுக்குக் கட்டணமில்லை எனப் பலர் எண்ணுவர். 25 சென்ட் வரையிலான சலுகை, 2017 டிசம்பர் 30 அன்று தனித்துண்டாக இருந்த இடத்திற்கே உரியது. பின்னர் பெரிய வயலிலிருந்து பிரித்து விற்ற துண்டானால் கட்டணம் உண்டு. ஆகவே மூலப் பத்திரத்தின் தேதியையும் கேளுங்கள். அனுமதி ஆணை வந்த பின் தாசில்தார் வரியை மறுநிர்ணயம் செய்து பதிவேட்டைத் திருத்தும் வரை காத்திருத்தல் வேண்டும். ஊராட்சியின் கட்டட அனுமதி அதன் பின்னரே.

இவ்வரிசையைத் தவறவிட்டு மண்ணடித்து அடித்தளம் போட்டவர்க்கு நிறுத்த உத்தரவு வரக்கூடும். வயலைப் பழைய நிலைக்குக் கொணர ஆட்சியர் ஆணையிடலாம், செலவு உரிமையாளருடையது. சட்டத்தை மீறியவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கட்டட எண் இல்லாத வீட்டை நாம் அடமானமாக ஏற்பதும் இயலாது.

மலைமேல் தேயிலை, ரப்பர் தோட்டங்களைத் துண்டாக்கி விற்பது வேறொரு சிக்கல். நில உச்சவரம்பிலிருந்து தோட்டமென்பதால் விலக்குப் பெற்ற நிலம் அது. வீட்டுமனையானால் அவ்விலக்கு கேள்விக்குள்ளாகும்.

எனவே முன்பணம் தருமுன் வரிரசீது, பதிவேட்டு நகல், தரவு வங்கிப் பக்கம் மூன்றையும் ஒரே சர்வே எண்ணில் வைத்துப் பாருங்கள். வகைமாற்ற ஆணை கிடைத்தால் மட்டுமே கிரயம் என்னும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். அதை மறுக்கும் விற்பனையாளரிடம் காரணம் கேட்பது நன்று.