சி.டி. வேலைக்கு உங்கள் ரெஸ்யூம் எத்தனை மார்க் வாங்கும்?

மருத்துவமனை விளம்பரம் ஒன்றை மாதிரிக்கு வைத்துக்கொள்வோம். ரேடியாலஜி டிப்ளமோ அல்லது பி.எஸ்சி., சி.டி.யில் 2 ஆண்டு அனுபவம், எக்ஸ்ரே பழக்கம், ஆர்.எஸ்.ஓ. சான்று கட்டாயம், எம்.ஆர்.ஐ. தெரிந்தால் முன்னுரிமை. அனுப்புவதற்கு முன் நீங்களே மார்க் போட்டுப் பாருங்கள். சி.டி.க்கு 40, பாதுகாப்புக்கு 30, எக்ஸ்ரேக்கு 20, எம்.ஆர்.ஐ.க்கு 10 என்று பிரிப்பேன். படிப்புக்கு மார்க் இல்லை. அது இல்லாவிட்டால் மேலே படிக்கவே மாட்டார்கள்.

இப்போது ஒரு ரெஸ்யூம்: “4 ஆண்டு அனுபவம்: எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ.” இந்த ஒரு வரிக்கு யாராலும் மார்க் போட முடியாது. பிரித்துக் கேட்டால் எக்ஸ்ரே 30 மாதம், சி.டி. 18 மாதம், எம்.ஆர்.ஐ. அறையில் கூட நின்று பார்த்ததுதான். கேட்பது 24 மாதம், இருப்பது 18, ஆகவே சி.டி.க்கு 30. எக்ஸ்ரேக்கு முழு 20. எம்.ஆர்.ஐ.க்கு பூஜ்யம். அந்த வார்த்தையை எடுத்துவிடுவதே நல்லது. நேர்காணலில் ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். சி.டி. வரியை மட்டும் விரித்து எழுதுங்கள்: “64 ஸ்லைஸ், 18 மாதம், மூளை, நெஞ்சு, வயிறு, பிரஷர் இன்ஜெக்டரில் கான்ட்ராஸ்ட், இரவுப் பணியில் தனியாக.” கான்ட்ராஸ்ட் கொடுக்குமுன் கிரியேட்டினினும் அலர்ஜியும் பார்த்தீர்களா என்று டாக்டர் கேட்பார். பதில் தயாராக இருக்கட்டும்.

பெரும்பாலும் சறுக்குவது பாதுகாப்பில்தான். 30-இல் ஆர்.எஸ்.ஓ. சான்றுக்கு 20, டி.எல்.டி. பேட்ஜ் பதிவுக்கு 10. நம் ரெஸ்யூமில் “கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர்” என்று இருக்கிறது. அது கல்லூரியில் நடந்த ஒருநாள் கருத்தரங்கு. ஆர்.எஸ்.ஓ. சான்று வேறு: அதற்கான பயிற்சி முடித்துத் தேர்வில் தேற வேண்டும். பிறகு உங்களை அந்தப் பொறுப்புக்கு நியமிக்க, மருத்துவமனை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் இ-லோரா தளத்தில் ஒப்புதல் கேட்கும். அந்த ஒப்புதல் அந்த நிறுவனத்துக்கு மட்டும்தான். பழைய மருத்துவமனையில் ஆர்.எஸ்.ஓ.வாக இருந்திருந்தாலும் புது இடத்தில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே “சான்று பெற்றவர்” என்பதையும் “ஆர்.எஸ்.ஓ.வாகப் பணியாற்றியவர்” என்பதையும் தனித்தனி வரியாக, ஆண்டோடு எழுதுங்கள். டி.எல்.டி. அணிந்ததும் சான்று ஆகாது; உங்கள் உடல் வாங்கிய கதிர்வீச்சின் அளவைத்தான் அது காட்டும். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த அறிக்கைகளின் நகல் கையில் இருந்தால் அந்த 10 உங்களுக்கே.

ஆர்.எஸ்.ஓ. சான்றுக்கு பூஜ்யம், டி.எல்.டி.க்கு 10 என்று வைத்தால் மொத்தம் 60. விளம்பரத்தில் “கட்டாயம்” என்று இருப்பதால் 60 இருந்தும் பயனில்லை. 80 இருந்தாலும் சான்று இல்லாமல் நிற்காது. அனுப்புமுன் ஹெச்.ஆருக்கு ஒரு போன் போட்டு, “வேலையில் சேர்ந்தபின் தேர்வு எழுதலாமா சார்?” என்று கேளுங்கள். சரி என்றால், தேர்வுக்குப் பதிவு செய்து அந்தத் தேதியை ரெஸ்யூமின் முதல் பக்கத்திலேயே எழுதி அனுப்புங்கள். முடியாது என்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு, சான்று கேட்காத சி.டி. வேலைக்கு இதே ரெஸ்யூமை அனுப்பலாம்.