ஈட்டுக் கடன்: தவணையில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு?

வீட்டையோ கடையையோ ஈடு வைத்துக் கடன் பெற்ற வியாபாரிகள் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “ஐந்து வருடமாகக் கட்டுகிறேன், கடன் ஏன் குறையவில்லை?” இதற்கான பதில் வங்கி தரும் மீளச் செலுத்தல் அட்டவணையில் இருக்கிறது. வட்டியின் மார்க்கச் சட்டத்தைப் பற்றி இங்கு நான் பேசவில்லை. ஏற்கனவே இத்தகைய கடனில் இருப்பவர் விரைவாக வெளியேறுவதற்கான கணக்கையே சொல்கிறேன்.

50 இலட்சம் ரூபா கடன், ஆண்டுக்கு 12 வீத வட்டி, 15 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 60,008 ரூபா. மாத வட்டி 1 வீதம் என்பதால் முதல் மாத வட்டி மட்டும் 50,000 ரூபா. மீதி 10,008 ரூபாதான் முதலில் கழிகிறது. அடுத்த மாதம் வட்டி 100 ரூபா குறையும், முதலில் கழிவது 100 ரூபா கூடும். வட்டி எப்போதும் மீதமுள்ள முதலுக்கே கணக்கிடப்படுவதால் மாற்றம் இப்படி மெதுவாகவே நடக்கிறது. ஐந்து வருடத்தில் 36 இலட்சம் கட்டியிருப்பீர்கள். ஆனால் கழிந்த முதல் சுமார் 8 இலட்சத்து 17 ஆயிரம் மட்டுமே. தவணையில் பாதிக்கு மேல் முதலுக்குப் போவது பத்தாவது வருடத்தில்தான்.

இப்போது, ஒரு வருடம் கட்டிய பின் கையில் 5 இலட்சம் வருகிறது. அதை முதலில் கட்டி, தவணையை மாற்றாமல் தொடர்ந்தால் கடன் மூன்று வருடங்களுக்கு முன்பே தீரும். மிச்சமாகும் வட்டி சுமார் 17 இலட்சம். அதே 5 இலட்சத்தைப் பத்து வருடம் முடிந்த பின் கட்டினால் மிச்சம் சுமார் மூன்றரை இலட்சம்தான்.

இங்கே பலர் தவறுகிறார்கள். பணத்தைக் கட்டியதும் வங்கி தவணையைக் குறைத்து, காலத்தை அப்படியே விடலாம். அப்படியானால் மாதம் 6,157 ரூபா குறையும். ஆனால் ஒரு வருட முடிவில் கட்டிய அதே 5 இலட்சத்துக்கு மொத்த மிச்சம் 5 இலட்சத்து 34 ஆயிரம் மட்டுமே. சில வேளை அப்பணம் முதலில் கழிக்கப்படாமல், வரப்போகும் தவணைகளுக்கு முற்பணமாகவும் வைக்கப்படலாம். எனவே “முதலில் கழிக்கவும், தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்” என்று எழுத்தில் கொடுத்து, புதிய அட்டவணையைக் கேளுங்கள். நமது உதாரணத்தில் அடுத்த மாத வட்டி 43,731 ரூபாவாக இருக்க வேண்டும். 48,731 என்றிருந்தால் பணம் முதலில் சேரவில்லை.

கட்டுவதற்கு முன் கடன் ஒப்பந்தத்தில் முற்கூட்டிச் செலுத்துவதற்கான கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். வட்டி வீதம் மாறக்கூடிய கடனென்றால் இந்தத் தொகைகளும் மாறும். அந்த 5 இலட்சம் கடைச் சரக்கில் செலவு போக ஆண்டுக்கு 12 வீதத்துக்கு மேல் உழைக்குமென்றால் அங்கேயே இருக்கட்டும். பெட்டியில் சும்மா கிடக்கும் பணமென்றால், இந்த மாதமே முதலில் கட்டுவதுதான் இலாபம்.