கோடு சொல்வதை மட்டும் எழுதுவோம்



போன மாதம் சமூக அறிவியல் டீச்சர் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தாங்க. தமிழ்நாட்டின் பாலின விகிதத்தையும் இந்தியாவின் பாலின விகிதத்தையும் ஒரே கிராப் தாளில் இரண்டு கோடுகளாக வரையணும். பிறகு அந்த வரைபடத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதணும். வரைவது எனக்குச் சுலபமா இருந்துச்சு. எழுதினதுதான் தப்பாப் போச்சு. நான் எழுதியது இதுதான்:

"தமிழ்நாட்டில் 1901 முதல் பெண்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. இதற்குக் காரணம் பெண் சிசுக்கொலை. 1991க்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது."

மூன்று வாக்கியம், மூன்றுக்கும் சிவப்பு மை! ஏன் தப்பு என்று டீச்சர் விளக்கியதை உங்களுக்கும் சொல்றேன்.

முதலில் எண்களைப் பாருங்கள். பாலின விகிதம் என்றால் 1000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்ற கணக்கு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது கிடைக்கிறது. நம் செங்கல்பட்டு மாவட்டம் 2019இல்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் அது தனி மாவட்டமாக இல்லை. அதனால் மாநில எண்ணை எடுத்துக்கொண்டோம். இடம் போதாததால் ஏழு ஆண்டுகளை மட்டும் இங்கே தருகிறேன்.

ஆண்டு – தமிழ்நாடு – இந்தியா
1901 – 1044 – 972
1951 – 1007 – 946
1971 – 978 – 930
1981 – 977 – 934
1991 – 974 – 927
2001 – 987 – 933
2011 – 996 – 943

முதல் தப்பு: விகிதம் வேறு, எண்ணிக்கை வேறு

கோடு கீழே இறங்கினால் பெண்கள் குறைந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். 1901இல் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 2 கோடிக்கும் கீழே. 2011இல் அது 7 கோடியைத் தாண்டிவிட்டது. பெண்களின் எண்ணிக்கையும் பல மடங்கு கூடியிருக்கிறது. குறைந்தது "1000 ஆண்களுக்கு" என்ற கணக்கில் வரும் பெண்களின் எண்தான். ஆகவே முதல் வாக்கியத்திலேயே எதை அளக்கிறோம் என்று எழுதிவிட வேண்டும்.

இதோடு இன்னொரு கண்ணியும் உண்டு. எங்கள் நெடுக்கு அச்சு 0இல் தொடங்கவில்லை, 900இல் தொடங்கியது. அதனால் தமிழ்நாட்டுக் கோடு 1901இல் 144 கட்டம் உயரத்திலும் 1991இல் 74 கட்டம் உயரத்திலும் இருந்தது. அதைப் பார்த்து என் தோழி "பாதியாகக் குறைந்தது" என்று எழுதிவிட்டாள். உண்மையில் 1044இல் 70தான் குறைந்தது. அது நூற்றுக்கு ஏழு கூட இல்லை! கோட்டின் உயரத்தைப் பார்த்து எழுதக்கூடாது, பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படித்து எழுதணும்.

குறுக்கு அச்சிலும் கவனம் வேண்டும். மேலே இருக்கும் ஏழு ஆண்டுகளை மட்டும் சம இடைவெளியில் வைத்தால் படம் பொய் சொல்லும். 1901க்கும் 1951க்கும் நடுவில் ஐம்பது ஆண்டு இருக்கிறது. பத்து ஆண்டுக்கு ஒரு கட்டம் என்றால் அங்கே ஐந்து கட்டம் விடவேண்டும்.

இரண்டாம் தப்பு: காரணம் கோட்டில் இல்லை

கோடு ஏறியது, இறங்கியது என்றுதான் காட்டும். ஏன் என்று காட்டாது. விகிதம் மாறுவதற்குப் பிறப்பு, இறப்பு, இடம்பெயர்வு மூன்றும் காரணமாகலாம். நம்ம மாமல்லபுரத்துக்குச் சிற்ப வேலைக்கு வெளியூர் ஆண்கள் நிறையப் பேர் வந்து தங்கினாங்கன்னு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 1000 ஆண்களுக்கு வரும் பெண்கள் எண் குறையும், அவங்க சொந்த ஊரில் கூடும். அதே போல அந்தக் காலத்தில் இலங்கை, பர்மா, மலேயாவுக்கு வேலைக்குப் போன ஆண்கள் ஊர்க் கணக்கில் வரவில்லை. 1901இல் எண் 1000க்கு மேலே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பெண் சிசுக்கொலை நடந்தது உண்மைதான். ஆனால் தொண்ணூறு ஆண்டு இறக்கம் முழுவதையும் அந்த ஒரு காரணத்தில் போட வரைபடத்தில் ஆதாரம் இல்லை. காரணம் எழுதணும்னா வேறு சான்றோடு தனிப் பத்தியில் எழுதலாம்.

மூன்றாம் தப்பு: ஏறுவது வேறு, சரியாவது வேறு

90 ஆண்டில் 70 குறைந்தது. அடுத்த 20 ஆண்டில் 22 கூடியது. இழந்ததில் மூன்றில் ஒரு பங்கு கூடத் திரும்பவில்லை. 2011இலும் எண் 1000க்குக் கீழேதான். ஆகவே "உயரத் தொடங்கியது" என்று எழுதலாம், "சரியாகிவிட்டது" என்று எழுதக்கூடாது.

வேகத்துக்கும் சரியான சொல் வேண்டும். 1951 முதல் 1971 வரை 29 குறைந்தது, அதை "வேகமாக" என்று சொல்லலாம். 1971 முதல் 1991 வரையும் அதே 20 ஆண்டுதான், ஆனால் 4 மட்டுமே குறைந்தது. அங்கே "மிக மெதுவாக" என்றுதான் எழுதணும். இரண்டு கோடுகளை ஒப்பிடும்போது எந்த ஆண்டு, எவ்வளவு வித்தியாசம் என்று இரண்டையும் சொல்லணும். வெறுமனே "தமிழ்நாடு அதிகம்" என்றால் போதாது.

திருத்தி எழுதிய பத்தி இது:

"இந்த வரைபடம் 1901 முதல் 2011 வரை தமிழ்நாட்டிலும் இந்தியாவிலும் 1000 ஆண்களுக்கு இருந்த பெண்களின் எண்ணிக்கையைக் காட்டுகிறது. மொத்தத்தில் இரண்டு கோடுகளும் 1991 வரை இறங்கி, பிறகு ஏறுகின்றன. தமிழ்நாடு 1044இலிருந்து 974க்கும், இந்தியா 972இலிருந்து 927க்கும் இறங்கின. தமிழ்நாட்டின் இறக்கம் 1951க்கும் 1971க்கும் இடையில் வேகமாகவும், அதன் பிறகு மிக மெதுவாகவும் இருந்தது. 1971க்கும் 1981க்கும் இடையில் இந்தியாவின் எண் 4 கூடியது, தமிழ்நாட்டின் எண்ணோ 1 குறைந்தது. 1991க்குப் பின் இரண்டும் உயர்ந்தன. தமிழ்நாடு 22 உயர்ந்து 996 ஆனது, இந்தியா 16 உயர்ந்து 943 ஆனது. எல்லா ஆண்டுகளிலும் தமிழ்நாடு இந்தியாவை விட மேலேயே இருந்தது. எனினும் 72 ஆக இருந்த இடைவெளி 1991இல் 47 ஆகச் சுருங்கி, 2011இல் 53 ஆனது."

இந்தப் பத்திக்கு டீச்சர் பத்துக்கு ஒன்பது போட்டாங்க. ஒரு மார்க் ஏன் போச்சு தெரியுமா? வரைபடத்தில் கோட்டை 2021 வரைக்கும் புள்ளி புள்ளியாக நீட்டியிருந்தேன். 2021இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. எண் இல்லாத இடத்தில் கோடு போடக்கூடாது.

கடைசியாக டீச்சர் இன்னொரு கோட்டையும் வரையச் சொன்னாங்க. அது தமிழ்நாட்டில் ஆறு வயது வரை உள்ள குழந்தைகளின் விகிதம். 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. பெரிய கோடு 22 ஏறிய அதே 20 ஆண்டில் இந்தக் குட்டிக் கோடு 6 இறங்கி 1 ஏறியிருக்கிறது. பெரிய கோட்டை மட்டும் பார்த்து "எல்லாம் சரியாகிவிட்டது" என்று நான் எழுதினேனே, அப்போது இந்தச் சின்னப் பிள்ளைகளை நான் பார்க்கவே இல்லை.

என் தங்கச்சி பிறந்தப்போ "மறுபடியும் பொண்ணா?" என்று கேட்டவங்க எங்க தெருவிலேயே இருக்காங்க. அந்தக் குட்டிக் கோட்டைச் சிவப்பு மையால் வரைந்து இந்தத் தாளின் ஓரத்தில் ஒட்டியிருக்கேன். நின்னு பார்த்துட்டு, அதைப் பற்றி நீங்களே இரண்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி