சோறு அடிப்பிடித்தால்

முக்கால் கிலோ அரிசி உலையில் வெந்துகொண்டிருந்தது. மருமகள் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். அங்கே கூட்டம். திரும்பி வருவதற்குள் வீடெல்லாம் தீய்ந்த வாடை.

ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கையில் எடுத்தாள்.

"நில். கிளறாதே!" என்றார் மாமியார்.

"ஆறு பேர் சாப்பாடு, அத்தை. எல்லாம் போச்சே!"

"அடியில் இருப்பதுதான் போச்சு. கிளறினால் எல்லாமே போகும்."

மாமியார் சொன்னது சரி. தண்ணீர் வற்றியதும் அடிச் சோறு கருகுகிறது. அதிலிருந்து புகை கிளம்புகிறது. புகை ஆவியோடு சேர்ந்து மேலே உள்ள சோற்றில் ஏறுகிறது. கிளறினால் கருகலே மேலே வந்து கலந்துவிடும். தண்ணீர் ஊற்றினாலும் கருகல் கரைந்து சோறு முழுதும் கசக்கும்.

அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரத்தின் சூட்டில் அடி கருகிக்கொண்டே இருக்கும். அதனால் மாமியார் ஓர் அகலமான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினார். அதில் பாத்திரத்தை வைத்தார். மண்பானை என்றால் இப்படி வைக்கக் கூடாது. விரிசல் விட்டுவிடும்.

பிறகு மேல் சோற்றை மட்டும் மெதுவாக அள்ளித் தாம்பாளத்தில் பரப்பினார். கரண்டி அடியைத் தொடவில்லை. பழுப்புச் சோறு வரத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். பரப்பிய சோற்றில் ஆவி பறந்தது. ஆவியோடு வாடையும் பாதி போயிற்று.

மீதி வாடைக்கு ஒரு வெங்காயத்தை இரண்டாக வெட்டினார். சோற்றை வேறு பாத்திரத்தில் போட்டு, அதன்மேல் வெங்காயத்தை வைத்து மூடினார். பத்து நிமிடம் கழித்து வெங்காயத்தை எடுத்துவிட்டார். வாய்க்கு வாடை தெரியவில்லை. சுமார் ஒரு ஆள் சோறுதான் வீண்.

"சோறு அரைவேக்காடாக இருந்தால்?" என்று மருமகள் கேட்டாள்.

"வேறு பாத்திரத்துக்கு மாற்று. அரை டம்ளர் வெந்நீர் தெளி. மூடிச் சிறு தீயில் வை."

"குழம்பு அடிப்பிடித்தால்?"

"அதையும் கிளறாமல் மேலாக மொண்டு மாற்று. பிறகு ருசி பார். வாடை மட்டும் இருந்தால், கொஞ்சம் புளிக்கரைசலும் சிறு துண்டு வெல்லமும் போட்டுக் கொதிக்க வை. வெங்காயம், கறிவேப்பிலை போட்டுப் புதிதாகத் தாளித்துக் கொட்டு. வாடை அடங்கிவிடும்."

"கசந்தால்?"

"கசப்பு ஏறிவிட்டால் வழியில்லை. புளியையும் வெல்லத்தையும் கொட்டி, அதையும் வீணாக்காதே."

யோசித்துச் சொல்லுங்கள்:

1. அடிப்பிடித்த சோற்றை ஏன் கிளறக் கூடாது?
2. எந்தப் பாத்திரத்தைத் தண்ணீரில் வைக்கக் கூடாது?
3. குழம்பைக் காப்பாற்ற முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?